அடுப்பின் வெப்பம் ஏன் தாவுகிறது?

ரொட்டி சுடும் ஒரு தொழிற்கூடம். மின்சார அடுப்புக்குள் கே வகைத் தெர்மோகப்பிள் இருக்கிறது. வெப்பத்தைக் காட்டும் பேனல் முப்பது மீட்டர் தள்ளி இருக்கிறது. ஹீட்டர் அணைந்திருக்கும்போது 210 டிகிரி என்று அசையாமல் நிற்கும் எண், ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் 195, 228, 203 என்று தாவுகிறது. சென்சார் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கி மாட்டுகிறார்கள். தாவல் நிற்கவில்லை.

தெர்மோகப்பிள் தரும் மின்னழுத்தம் மிக மிகச் சிறியது. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட்தான். அப்படியானால் ஒரு மில்லிவோல்ட் இரைச்சல் உள்ளே நுழைந்தாலே எண் 24 டிகிரி பிசகும். அந்த ஒரு மில்லிவோல்ட் எங்கிருந்து வருகிறது?

சென்சார் கேபிளிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி ஹீட்டரின் பேஸ் கம்பி ஓடுகிறது. அதில் 10 ஆம்பியர் மின்சாரம். நியூட்ரல் கம்பி வேறொரு குழாய் வழியே போகிறது. பேஸ் கம்பியைச் சுற்றி எழும் காந்தப்புலம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. சென்சாரின் இரு கம்பிகளுக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், முப்பது மீட்டர் நீளத்தில் 0.15 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. அந்த வளையத்தை ஊடுருவும் புலம் அதில் தூண்டும் அழுத்தத்தைக் கணக்கிட்டால் 0.9 மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேலே வருகிறது. நீளமும் இடைவெளியும் கூடினால் இதுவும் கூடும்.

குற்றவாளி கேபிள்தானா என்று உறுதிசெய்ய எளிய வழி உண்டு. அடுப்புப் பக்கம் தெர்மோகப்பிளைக் கழற்றிவிட்டு, அங்கே இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று சேர்த்து விடுங்கள். கருவி ஏறத்தாழ அறை வெப்பத்தைக் காட்ட வேண்டும். ஹீட்டரைப் போட்டதும் அந்த எண்ணும் தாவினால் சென்சார் நிரபராதி.

செலவில்லாத தீர்வை முதலில் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. நியூட்ரலைப் பேஸோடு ஒட்டியே ஓட்டினால், எதிரெதிர்த் திசை மின்சாரங்களின் புலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சென்சார் கேபிளை ஓரிரு அடி விலக்கி, குறுக்கிட்டே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிட வேண்டும்.

அடுத்தது முறுக்கு. இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கினால் பெரிய வளையம் நூற்றுக்கணக்கான சின்ன வளையங்களாக உடைகிறது. ஒரு திருகில் தூண்டப்படும் அழுத்தம் அடுத்த திருகில் எதிர்த் திசையில் எழுவதால் இரண்டும் கழிந்துபோகின்றன. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இலேயே தொலைபேசிக் கம்பிகளுக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். முனையில் திருப்பு அவிழ்ந்த நீளத்தைச் சில சென்டிமீட்டருக்குள் வைத்துக்கொள்வது முக்கியம். அங்கேதான் பழைய வளையம் மிச்சமிருக்கும்.

ஷீல்டு என்பது வேறு வேலை. கம்பிகளைச் சுற்றிய அலுமினியத் தாள் மின்புலத்தைத் தடுக்கும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவி உமிழும் கூர்மையான துடிப்புகளுக்கு அது நல்ல மருந்து. ஆனால் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் அந்த மெல்லிய தாளைப் பொருட்படுத்தாமல் ஊடுருவும். முறுக்காத கம்பிக்கு விலை உயர்ந்த ஷீல்டு போட்டும் எண் தாவுவது இதனால்தான். ஷீல்டைப் பொதுவாக ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும். இரு முனையிலும் செய்தால், இரண்டு எர்த்துகளுக்கும் இடையே உள்ள சிறு அழுத்த வேறுபாடே ஷீல்டு வழியே மின்னோட்டத்தைச் செலுத்திப் புதிய இரைச்சலை உண்டாக்கும். தெர்மோகப்பிளின் நுனி உலோக உறையைத் தொட்டிருந்தால் அடுப்புப் பக்கமும், தொடாமல் இருந்தால் பேனல் பக்கமும் எர்த் செய்வது வழக்கம்.

நூறு மீட்டர்களைத் தாண்டும்போது நலிந்த மைக்ரோவோல்ட்டையே அனுப்பிக்கொண்டிருப்பது வீண். அடுப்பருகிலேயே, வெப்பம் தாக்காத இடத்தில் ஒரு மாற்றியை வைத்து அளவை எண்ணாக்கி, ஆர்.எஸ்.-485 முறையில் அனுப்பலாம். இதில் ஒரு கம்பியில் அழுத்தம் ஏறும்போது மற்றொன்றில் இறங்கும். பெறும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். ஆடும் படகில் அருகருகே நிற்கும் இருவரில் யார் உயரம் என்று பார்ப்பது போலத்தான். படகு இருவரையும் சேர்த்தே தூக்குவதால் வித்தியாசம் மாறுவதில்லை. இரைச்சல் இரு கம்பிகளிலும் சமமாக விழுந்தால்தான் இது பலிக்கும். அதனால் இங்கும் முறுக்கிய கம்பியே வேண்டும். வித்தியாசம் 0.2 வோல்ட் இருந்தாலே புரிந்துகொள்ளும் இம்முறை, குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை போகும். கேபிளின் இரு கோடியிலும் 120 ஓம் தடை வைத்தால் சமிக்ஞை எதிரொலித்துத் திரும்பாது.

இதற்கும் எல்லை இருக்கிறது. இரு கம்பிகளும் சேர்ந்தே மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரம்பைத் தாண்டினால் பெறும் கருவி குழம்பும், சில வேளை கருகியும் போகும். தொலைவிலுள்ள இரண்டு கட்டடங்களின் எர்த்துகளுக்கு இடையே அவ்வளவு வேறுபாடு வரக்கூடும். அப்போது மூன்றாவதாக ஒரு பொதுக் கம்பி இழுக்க வேண்டும். அல்லது மின்தொடர்பே இல்லாமல் செய்தியை மட்டும் கடத்தும் தனிமைப்படுத்திய மாற்றியைப் பயன்படுத்த வேண்டும்.