ஆபீஸ் ஆளோடு மேட்ச் ஆகிவிட்டால்?

டேட்டிங் செயலியில் தெரிந்த முகம் தட்டுப்படுவதில் வியப்பில்லை. டிண்டர், பம்பிள் போன்ற செயலிகள் நாம் குறித்துக் கொடுக்கும் வயதுக்கும் தொலைவுக்கும் உட்பட்டவர்களைத்தான் காட்டுகின்றன. சென்னை ஓ.எம்.ஆரில் உட்கார்ந்து ஒருவர் செயலியைத் திறந்தால், அதே வளாகத்தில் வேலை பார்ப்பவர் திரையில் வரத்தான் செய்வார். ஹிஞ்ச் செயலியோ தொடக்க காலத்தில் ஃபேஸ்புக் வழியாக நண்பரின் நண்பர்களைக் காட்டுவதையே தன் தனித்தன்மையாக வைத்திருந்தது.

பார்த்துவிட்டு இடப்பக்கம் தள்ளிவிட்டால் எதுவும் ஆகாது. அந்த நபருக்கு எந்தத் தகவலும் போகாது. இருவரும் லைக் போட்டால்தான் மேட்ச். சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் உண்மையான விருப்பத்தோடு போட்டிருப்பார். இன்னொருவர் 'அட, நம்ம ஆபீஸ் ஆளு' என்று வணக்கம் சொல்வதுபோலப் போட்டிருப்பார். இருவர் திரையிலும் செயலி காட்டுவது ஒரே வாழ்த்துச் செய்திதான்.

சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். டெஸ்டிங் பிரிவில் இருக்கும் ஒரு பெண், அதே தளத்தில் வேறு டீமில் இருக்கும் ஓர் ஆண். சனிக்கிழமை இரவு மேட்ச் ஆகிறது. அவள் வேடிக்கைக்குப் போட்டாள். அவன் விரும்பிப் போட்டான். ஞாயிறு முழுக்க அவள் பேசாமல் இருந்தால், திங்கட்கிழமை காலை அவள் சாதாரணமாகச் சிரிப்பதைக்கூட அவன் பதிலாக எடுத்துக்கொள்ளலாம். அன்று இரவே செயலியிலேயே அவள் நாலு வரி அனுப்பினால் அந்தக் குழப்பத்துக்கு இடமிருக்காது: "உங்களை இங்க பார்ப்பேன்னு நினைக்கல. தெரிஞ்சவராச்சேன்னு லைக் போட்டேன், வேற எண்ணம் இல்லை. ஆபீஸ்ல எப்பவும் போலவே இருப்போம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீங்க."

இதில் கடைசி வரி முக்கியமானது. ஒருவர் டேட்டிங் செயலியில் இருப்பது வீட்டுக்கோ சக ஊழியர்களுக்கோ தெரியாமல் இருக்கலாம். அவருடைய பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து டீம் வாட்ஸ்அப் குழுவில் போடுவது, மேட்ச் ஆனதைவிடப் பெரிய சேதத்தை உண்டாக்கும்.

விருப்பம் இருப்பவர் என்ன செய்யலாம்? கூகுளும் ஃபேஸ்புக்கும் தங்கள் ஊழியர்களுக்கு வைத்திருந்த விதி ஒன்று 2018-இல் செய்திகளில் பேசப்பட்டது. சக ஊழியரை வெளியே அழைக்க ஒரே ஒரு முறைதான் அனுமதி. 'அன்னைக்கு வேலை இருக்கு' என்பதுபோல மழுப்பலாகப் பதில் வந்தாலும் அது மறுப்பாகவே கொள்ளப்படும். ஓ.எம்.ஆருக்கும் இது பொருந்தும். செயலியில் ஒரு முறை காபிக்கு அழைக்கலாம். பதில் வராவிட்டால் அதே கேள்வியை டீம்ஸிலோ பேன்ட்ரியிலோ மறுபடி கேட்கக் கூடாது.

ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரி என்றால் கணக்கே வேறு. மெக்டொனால்ட்ஸ் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் ஈஸ்டர்புரூக் 2019-இல் ஓர் ஊழியருடன் வைத்திருந்த உறவுக்காகப் பதவி இழந்தார். அது இருவரும் சம்மதித்த உறவுதான் என்று அப்போது நிறுவனமே சொன்னது. யாருடைய அப்ரைசலை ஒருவர் எழுதுகிறாரோ, அவரோடு மேட்ச் ஆனால் அன்மேட்ச் செய்வதே பாதுகாப்பு. உறவாகத் தொடர இருவருக்கும் விருப்பம் என்றால் முதலில் ஹெச்.ஆருக்குச் சொல்ல வேண்டும்.

நண்பரின் நண்பர் என்றால் சிக்கல் நடுவில் இருப்பவருக்கு. 'அவ என்னைப் பத்தி என்ன சொன்னா?' என்று அவரிடம் விசாரிக்கத் தொடங்கினால், இரண்டு பேர் விஷயம் மொத்த நட்பு வட்டத்துக்கும் போய்விடும். அவரிடம் சொல்வதென்றால் மேட்ச் ஆன இருவரும் பேசி முடிவு செய்த பிறகு சொல்லலாம்.

இதையெல்லாம் தவிர்க்க நினைப்பவர்களுக்கு டிண்டரில் Block Contacts என்ற வசதி 2021 முதல் இருக்கிறது. போனில் சேமித்திருக்கும் எண்களைக் கொடுத்துவிட்டால், அந்த எண்ணில் கணக்கு வைத்திருப்பவர்கள் கண்ணில் படமாட்டார்கள். அவர்களுக்கும் நாம் தெரியமாட்டோம். ஆனால் அவர் வேறு எண்ணில் சேர்ந்திருந்தால் இது பலிக்காது. நண்பரின் நண்பருடைய எண் பெரும்பாலும் நம் போனில் இருக்காது என்பதால் அங்கும் இதன் பயன் குறைவு.

மறுத்த பிறகும் ஒரு சக ஊழியர் பெண்ணைத் தொடர்ந்து தொந்தரவு செய்தால் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் துணைக்கு வரும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதங்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். சிறிய நிறுவனம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். டிண்டரில் அன்மேட்ச் செய்தால் உரையாடல் மறைந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே செய்திகளைத் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.