முத்திரை விழுந்தாலும் மூலத்தைப் பாருங்கள்

பத்திரம் பதிவானால் நிலம் நமதாகிவிட்டது என்று நம்மில் பலர் நம்புகிறோம். அது முழு உண்மையல்ல. சார்பதிவாளர் கிரயத்தைப் பதிவு செய்கிறார். விற்பவருக்கு உரிமை உண்டு என்று உறுதி கொடுப்பதில்லை.

புழல் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் நம் மக்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. நிலம் பெற்றவர் பத்தாண்டுகள் அதை விற்கக்கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. இதை மீறி வாங்கியவரிடமிருந்து அரசு நிலத்தை மீட்கலாம்.

வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே தெரியும். ஒதுக்கீட்டு நிபந்தனை தெரியாமல் போகலாம். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன், கிராம நிர்வாக அலுவலரிடம் அந்தப் புல எண்ணுக்குரிய ‘அ’ பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள்.

நிலம் சரியென்றால் செலவைக் கணக்கிடுங்கள். பேசிய விலை ஐந்து லட்சம், அரசு வழிகாட்டி மதிப்பு ஆறு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டில் கூடுதலான ஆறு லட்சத்துக்கே கணக்கு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 42,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 12,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணம் 1 சதவீதம்தான். அதில் 6,000 ரூபாய் மிச்சம்.

பதிவு நாளில் விற்பவர் அசல் தாய்ப்பத்திரமும் பட்டாவும் கொண்டுவர வேண்டும். இருவரும் ஆதார், பான் அட்டையோடு வர வேண்டும். அடையாளச் சான்றுடன் இரண்டு சாட்சிகளும் தேவை. அசல் பத்திரம் ‘அப்புறம் தருகிறேன்’ என்று விற்பவர் சொன்னால், அது எங்கோ அடமானத்தில் இருக்கலாம். அதைக் கண்ணால் பார்க்கும்வரை நாம் கையெழுத்திட வேண்டாம்.