ஐஸ் கூரையில், ஓட்டை சீலிங்கில்

பெப்ரவரியில் வில்லரே தெருக்களில் நடந்துபோனால் சில வீடுகளின் கூரை விளிம்பில் ஆளுயரத்துக்கு ஐஸ் ஈட்டிகள் தொங்கும். பிள்ளைகளுக்கு அது வடிவு. வீட்டுக்காரருக்கு அது ஒரு செய்தி: நாங்கள் காசு கட்டி எரிக்கிற சூடு கூரை வழியாகப் போகிறது.

நடப்பது இதுதான். சீலிங்கில் உள்ள இடுக்குகளால் சூடான காற்று அட்டிக்குக்குள் ஏறி, கூரைப் பலகையைச் சூடாக்குகிறது. மேலே கிடக்கும் ஸ்னோ அடிப்பக்கத்திலிருந்து உருகி, தண்ணீர் சரிவில் இறங்கி வருகிறது. கூரையின் கடைசி விளிம்பு சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அதற்குக் கீழே சூடு இல்லை. அங்கே வந்ததும் தண்ணீர் உறைகிறது. நாளுக்கு நாள் அது ஒரு அணைக்கட்டாக வளர, பின்னால் வருகிற தண்ணீர் குளம்போல் தேங்கும். ஷிங்கிள்ஸ் ஓடுகிற தண்ணீருக்குச் செய்தவை, தேங்குகிற தண்ணீருக்கு அல்ல. இடுக்கால் ஏறி உள்ளே சொட்டத் தொடங்கும்.

வில்லரேயில் பெரும்பாலும் தட்டைக் கூரை வீடுகள். எங்கட வீடு சரிவுக் கூரை உள்ள சிலவற்றில் ஒன்று. ஒரு குளிர்காலத்தில் மகளின் கட்டிலுக்கு மேலே, வெளிச்சுவர் மூலையில், மஞ்சள் கறை வந்தது. பார்க்க வந்த கூரைக்காரர் முழுக்கூரையும் மாற்ற வேண்டும் என்றார். கூரைக்கு வயது எட்டுத்தான். கையெழுத்து வைக்கும் முன் அப்பாவுக்குத் தெரிந்த, இன்சுலேஷன் வேலை செய்யும் ஒரு அண்ணையைக் கூப்பிட்டேன்.

அவர் வீட்டுக்குள் வரவில்லை. எதிர்ப்பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்தார். பக்கத்து வீட்டில் ஸ்னோ முழுசாகப் படுத்திருந்தது. எங்கட கூரையில் குளியலறைக்கு மேலே மட்டும் வெறும் ஷிங்கிள்ஸ். "தங்கச்சி, கூரையில பிழையில்ல. உங்கட சீலிங் ஒழுகுது, தண்ணி இல்ல, காத்து," என்றார்.

அட்டிக் மூடியைத் திறந்து டோர்ச் அடித்தபோது அது தெரிந்தது. கூரைக்குள் நீட்டிய ஆணி முனைகளில் உறைபனி. பழைய கண்ணாடி நார் பஞ்சு 10 சென்ரிமீற்றர்தான். அதில் அங்கங்கே கறுப்பு: காற்று ஏறிய இடங்களில் வடிகட்டப்பட்ட தூசி. குளியலறை விசிறியின் குழாய் வெளியே போகாமல் அட்டிக்குள்ளேயே முடிந்திருந்தது.

வேலையை ஒக்டோபரில் செய்தோம். முதலில் பஞ்சைத் தள்ளி ஓட்டைகளை அடைத்தார்கள்: வயர் இறங்கும் துளைகள், குளியலறைக் குழாயைச் சுற்றிய இடைவெளி, உட்சுவர்களின் மேல் விளிம்பு, அட்டிக் மூடியின் ஓரம். புகைபோக்கியைச் சுற்றி ஃபோம் அடிக்கக் கூடாது, அது தீப்பிடிக்கும். அங்கே தகடும் சூடு தாங்கும் சீலன்டும் போட்டார்கள். விசிறிக் குழாயைப் பஞ்சு சுற்றிக் கூரைக்கு வெளியே கொண்டுபோனார்கள்.

அடுத்தது விளிம்பு. கீழிருந்து வரும் குளிர்காற்று கூரைப் பலகையின் அடியால் முகட்டு வரைக்கும் போக வேண்டும். பஞ்சு அந்த வழியை அடைக்காதபடி ஓரத்தில் தட்டுகள் வைத்தார்கள். கடைசியாகத்தான் செலுலோஸ் ஊதினார்கள், 25 சென்ரிமீற்றர். பழையதோடு சேர்த்து, கியூபெக்கில் புது வீடுகளுக்குக் கேட்கிற ஆர்-41ஐத் தாண்டிவிட்டது. ஓட்டை அடைக்காமல் பஞ்சை மட்டும் கொட்டியிருந்தால் ஈரக்காற்று இன்னும் குளிர்ந்த அட்டிக்கில் ஏறி, பலகையில் பூஞ்சணம் பிடித்திருக்கும்.

பழைய வீடு என்றால் ஒரு எச்சரிக்கை. அட்டிக்கில் சின்னச் சின்னக் கூழாங்கற்கள்போல் பொன்பழுப்பு நிறத்தில் மினுங்கும் வெர்மிகுலைட் கிடந்தால் தொடாதீர்கள், கிளறாதீர்கள். அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். முதலில் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

தட்டைக் கூரைக்கு இதே வைத்தியம் அப்படியே பொருந்தாது. உள்ளே இடம் குறைவு, காற்றோட்டமும் குறைவு. நிறையத் திணித்தால் ஈரம் அடைபடும். அதற்குத் தட்டைக் கூரை தெரிந்தவர்தான் வரவேண்டும்.

இந்த வருஷமே ஐஸ் கட்டியிருந்தால் கோடரியால் கொத்தாதீர்கள், ஷிங்கிள்ஸ் உடையும். தரையில் நின்றபடி நீளக்கைபிடி ரூஃப் ரேக்கால் விளிம்பு ஸ்னோவை ஒரு மீற்றருக்கு இழுத்துவிடுங்கள், மின்கம்பிக்குக் கிட்டப் போகாமல். அது தற்காலிகம்தான்.

எங்கட வீட்டில் மார்ச் வெயிலில் இப்பவும் சின்ன ஐஸ் குச்சிகள் வரும். அது வெயிலின் வேலை. கறை பிறகு வரவில்லை. அடுத்த ஸ்னோ கொட்டி இரண்டு நாள் கழித்து, எதிர்ப்பக்கத்துக்குப் போய் உங்கட கூரையைப் பாருங்கள். எங்கே ஸ்னோ முதலில் காணாமல் போகிறதோ, அதற்கு நேர் கீழேதான் தேட வேண்டும்.