மூக்குக் கண்ணாடியில் ஏன் மூட்டம்?

மழைக்காலத்தில் சென்னையில் ஏ.சி. அறையை விட்டு வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடி வெளுத்துவிடும். வெளியே 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது, அந்தக் காற்றிலுள்ள நீராவி ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழான எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகிவிடும். ஏ.சி.யில் இருந்த லென்ஸோ 24 டிகிரியில் இருக்கிறது. சூடான ரசத்தின் மேல் குனியும்போதும், முகக்கவசத்தின் மேல்விளிம்பு வழியாக மூச்சு மேலேறும்போதும் நடப்பது இதுதான்.

ஏ.சி. மூட்டத்துக்கு மருந்தே தேவையில்லை. லென்ஸ் சூடேறியதும் அது தானே மறையும். கிளம்பும் முன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தால், உடல்சூட்டில் லென்ஸ் வெதுவெதுப்பாகி மூட்டம் குறையும். முகக்கவசத்துக்கு முதல் வைத்தியம் மூக்குப் பாலத்தில்தான். மேல்விளிம்பிலுள்ள கம்பியை மூக்கோடு ஒட்ட அழுத்துங்கள். அப்படியும் காற்று கசிந்தால், தோலுக்கு ஒட்டும் மருத்துவ டேப்பால் விளிம்பை ஒட்டிவிடலாம்.

அடுத்தது சோப்பு. இங்கிலாந்து அறுவை மருத்துவர்களின் இதழொன்றில் 2011-இல் வெளிவந்த எளிய முறை இது: முகக்கவசம் அணியும் முன் சோப்புத் தண்ணீரில் லென்ஸைக் கழுவி, மிச்சத் தண்ணீரை உதறிவிட்டு, தானாக உலர விடுவது. சோப்பின் மெல்லிய படலம் நீரின் பரப்பிழுவிசையைக் குறைக்கிறது. அதனால் நீர் ஒளியைச் சிதறடிக்கும் நுண்துளிகளாக நிற்காமல் சீரான படலமாகப் பரவ, பார்வை தெளிவாக இருக்கும். லோஷன் கலக்காத, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு போதும். இரு பக்கமும் விரல்நுனியால் மெல்லத் தடவி, சாதாரணக் குழாய்நீரில் லேசாக அலசுங்கள். உலர்ந்தபின் கோடுகள் தெரிந்தால் சோப்பு அதிகம் என்று பொருள். மறுபடி அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். இதன் பலன் சில மணி நேரம்தான். கூச்சொளி குறைக்கும் கோட்டிங்குள்ள லென்ஸ்களில் பெரும்பாலும் மேலடுக்கு தண்ணீரை ஒட்டவிடாதது. அதில் சோப்புப் படலமும் நெடுநேரம் நிற்காது.

அந்தக் கோட்டிங் மிக மெல்லிய அடுக்குகளால் ஆனது. பற்பசை அதைத் தேய்த்துக் கீறிவிடும். வினிகரும், அமோனியா கலந்த ஜன்னல் கண்ணாடித் திரவமும் நாளடைவில் அதை அரிக்கும். கீசரின் கொதிநீரும் ஆகாது. சூட்டில் பிளாஸ்டிக் லென்ஸ் விரிகிறது; மேலே உள்ள கோட்டிங்கால் அதற்கு ஈடாக விரிய முடியாமல் சிலந்திவலை போல மயிர்க்கீறல் விழும். விளக்கு வெளிச்சத்தில் லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் அது தெரியும். அப்படி விழுந்த கீறலைச் சரிசெய்ய வழியில்லை, லென்ஸை மாற்றத்தான் வேண்டும்.

நாள் முழுக்க முகக்கவசமோ அடுப்படியோ என்றிருப்பவர்களுக்கு ஆன்டி-ஃபாக் ஸ்பிரேயோ ஈரத்துணியோ வசதி. வாங்கும்போது, கூச்சொளி குறைக்கும் கோட்டிங்குக்கு ஏற்றது என்று உறையில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.