'வீடு திரும்பிவிட்டேன்' என்று எழுதுவது எப்படி?

டெங்குவிலிருந்து மீண்டு வந்த நண்பர் ஒருவர், வாட்ஸ்அப் குழுக்களிலும் ஃபேஸ்புக்கிலும் போடுவதற்கு எழுதி வைத்ததை முதலில் என்னிடம் காட்டினார். எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர், கோர்வையாகவே எழுதக்கூடியவர். அவர் எழுதியிருந்தது இது:

"பத்து நாள் நரகம். 104 டிகிரி காய்ச்சல். வாந்தியில் ரத்தம், பல் ஈறில் ரத்தம். பிளேட்லெட் 18 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது. எமனைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். எத்தனை பேருக்காக நான் ஓடியிருக்கிறேன்! யார் உறவு, யார் வெறும் பேச்சு என்று இப்போது தெரிந்துவிட்டது. இனி உங்கள் பிரார்த்தனைதான் என் பலம்."

கூடவே ஊசி ஏறிய கையின் படம்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் படித்து முடித்தபோது, இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்பது மட்டும் தெரியவில்லை. நண்பர்கள் தெரிந்துகொள்ள விரும்புவதே அதைத்தான்.

இப்படி ஒன்றைத் திருத்தும்போது நான் வரிவரியாகக் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த வரிக்கு என்ன பதில் வரும்? பிளேட்லெட் எண்ணைப் போட்டால் பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கஷாயம் என்று வைத்தியம் வரும். 'என் மச்சானுக்கு 9 ஆயிரம்' என்று போட்டியும் வரும். ரத்த வாந்தியை எழுதினால் ஊரிலிருக்கும் அத்தை இரவெல்லாம் தூங்க மாட்டார். அந்தக் குழுவிலேயே இதே காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் இருக்கலாம். 'யார் உறவு' என்ற வரிக்குப் பதிலே வராது. வர முடியாமல் போனவர்கள் ஆளாளுக்கு 'என்னைத்தான் சொல்கிறாரோ' என்று குமைவார்கள். உண்மையிலேயே ஒருவர்மீது வருத்தம் என்றால் அவரிடம் போனில் பேசுவதே மேல். படத்தையும் எடுத்துவிடச் சொன்னேன். மணிக்கட்டுப் பட்டையில் பெயர், வயது, நோயாளி எண் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

எதை வெட்டுவது என்பதைவிட எதைச் சேர்ப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது. அவருக்காக, கைப்பேசி எண்ணோடு 'பிளேட்லெட் அவசரம்' என்று ஒரு செய்தி குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. தேதி இல்லாத அப்படிப்பட்ட செய்திகள் நோயாளி வீடு திரும்பிய பிறகும் ஊர் ஊராக அலையும். முன்பின் தெரியாதவர்கள் ரத்தம் கொடுக்க வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதை நிறுத்தச் சொல்லும் வரி கட்டாயம் வேண்டும். கடைக்கு எப்போது வருவார், அதுவரை யாரிடம் பேசுவது என்பதும் பலருக்குத் தேவை.

எப்போது போடுவது என்பதும் முக்கியம். டெங்குவில் காய்ச்சல் விட்டதும் 'தேறிவிட்டேன்' என்று சொல்லத் தோன்றும். ஆனால் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான கட்டம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதும் பிளேட்லெட் சரிவதும் பெரும்பாலும் அப்போதுதான். அன்றைக்கே அறிவித்துவிட்டு மறுநாள் ஐ.சி.யூ.வுக்குப் போனால் இரண்டு மடங்கு பதற்றம். அதனால் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு போடுவதே சரி.

கடைசியில் இப்படி முடிந்தது:

"நண்பர்களுக்கு வணக்கம். டெங்கு காய்ச்சலுக்காக ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தேன். வெள்ளிக்கிழமை வீடு திரும்பிவிட்டேன். இப்போது காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன். அசதி மட்டும் இருக்கிறது. அது தீர இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்கிறார் டாக்டர். அதுவரை கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான். பிளேட்லெட் கேட்டு முன்பு வந்த செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். கொடுத்தவர்களுக்கும் கொடுக்க முன்வந்தவர்களுக்கும் என் நன்றி. போனில் அதிகம் பேச முடியவில்லை. செய்தி அனுப்புங்கள், மெதுவாகப் பதில் போடுகிறேன்."

நோயின் பெயரைச் சொல்வதா என்று அவருக்கு ஒரு தயக்கம் இருந்தது. டெங்கு என்றால் சொல்லலாம், அக்கம்பக்கத்தார் தண்ணீர்த் தொட்டியையாவது மூடி வைப்பார்கள். கர்ப்பப்பை அறுவை சிகிச்சை, மனநலச் சிகிச்சை போன்றவற்றில் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம். 'ஒரு சிகிச்சைக்காகச் சில நாள் மருத்துவமனையில் இருந்தேன்' என்றால் போதும். கிண்டிக் கேட்பவருக்கு 'இப்போ நல்லா இருக்கேன்' என்பதே முழுப் பதில்.

பிள்ளையைப் பள்ளியில் விட ஆள் வேண்டும் என்ற யோசனையும் அவருக்கு இருந்தது. உதவி கேட்பது இரக்கம் தேடுவதாகாது. ஆனால் குழுவில் பொதுவாகக் கேட்டால் எல்லோரும் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். அதனால் அதைப் பதிவில் சேர்க்கவில்லை. எதிர்வீட்டுக்காரரிடம், 'திங்கள் முதல் இரண்டு வாரம் காலையில மட்டும் கூட்டிட்டுப் போக முடியுமாண்ணே?' என்று நேரில் கேட்டார்.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. வயதான அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் முதலில் போன். அவர்கள் ஃபேஸ்புக்கைப் பார்த்துத் தெரிந்துகொண்டால், 'எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே' என்ற பேச்சு அடுத்த கல்யாண வீடு வரைக்கும் ஓடும்.