விமானப் பயணம்: பெட்டிக்குள் எதை வைக்கலாம், எதை வைக்கவே கூடாது?

புதுடெல்லி: 2014ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், புகழ்பெற்ற சரோத் கலைஞர் உஸ்தாத் அம்ஜத் அலி கான் லண்டனிலிருந்து டெல்லி திரும்பியபோது, அவர் விமானத்தின் சரக்கு அறைக்கு ஒப்படைத்திருந்த சரோத் அவருடன் வந்து சேரவில்லை. சுமார் 45 ஆண்டுகளாக அவர் வாசித்து வந்த இசைக்கருவி அது. சில நாட்கள் கழித்து அது மீண்டும் அவர் கைக்குக் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால், எந்த இழப்பீட்டுத் தொகையாலும் அதற்கு ஈடு செய்திருக்க முடியாது.

சரக்கு அறைக்குச் செல்லும் பெட்டியில் எதை வைப்பது என்ற முடிவின் அடிப்படை இதுதான். உடையக்கூடிய பொருளைத் திறமையாகக் கட்டினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆனால் தொலைந்தால் ஈடு செய்ய முடியாததையும், தீப்பற்றக்கூடியதையும் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் அங்கு வைக்கக் கூடாது.

டெல்லி கோல் மார்க்கெட் பகுதியில் உள்ள அரசுக் குடியிருப்பிலிருந்து, பணியிட மாறுதல் பெற்றுச் சென்னைக்குச் செல்லும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வீட்டுச் சாமான்கள் லாரியில் சென்றுவிட்டன. கையில் எஞ்சியவை மடிக்கணினி, பவர் பேங்க், குடும்பப் புகைப்படங்கள் உள்ள ஹார்டு டிஸ்க், தங்க நகைகள், சான்றிதழ்கள், தாயாரின் இன்சுலின், நவராத்திரிக் கொலுவில் வைக்கும் சில மண் பொம்மைகள், ஒரு பொட்டலம் கற்பூரம், கொஞ்சம் கொப்பரைத் தேங்காய். உள்நாட்டு விமானங்களின் சாதாரண வகுப்பில் பொதுவாக ஒருவருக்கு 15 கிலோ செக்-இன் பெட்டியும், 7 கிலோ கைப்பையும் அனுமதிக்கப்படுகின்றன. இவற்றை எப்படிப் பிரிப்பது?

முதல் கேள்வி: தீப்பற்றுமா?

பவர் பேங்க் கைப்பையில்தான் செல்ல வேண்டும். இதற்கு விதிவிலக்கு இல்லை. தனியாக எடுத்துச் செல்லும் கேமரா பேட்டரி போன்ற உதிரி லித்தியம் பேட்டரிகளுக்கும் இதுவே விதி. லித்தியம் பேட்டரி நசுங்கினாலோ, உள்ளே மின்கசிவு ஏற்பட்டாலோ, தன் வெப்பத்தாலேயே மேலும் மேலும் சூடேறித் தீப்பிடிக்கும். சரக்கு அறையில் புகை உணர்கருவியும், ஹாலான் என்னும் தீயணைப்பு வாயுவும் உண்டு. அந்த வாயு வெளியே எரியும் தழலை அடக்கும். ஆனால் பேட்டரிக்குள் நிகழும் வெப்பத் தொடர்வினையை அது குளிர்வித்து நிறுத்தாது. பயணிகள் பகுதியிலோ புகை உடனே கண்ணில் படும். ஊழியர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க முடியும். 2025 அக்டோபரில் டெல்லியிலிருந்து திமாப்பூர் செல்லவிருந்த விமானம் ஓடுபாதையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது, இருக்கையின் பின்புறப் பையில் இருந்த ஒரு பவர் பேங்க் தீப்பிடித்தது. கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் ஊழியர்கள் அதை விரைவில் அணைத்துவிட்டனர்.

அளவிலும் ஒரு வரம்பு உண்டு. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதியுடன் இரண்டு மட்டும் கொண்டு செல்லலாம். அதற்கு மேற்பட்டவை பயணிகள் விமானத்தில் அனுமதிக்கப்படுவதில்லை. பவர் பேங்கின் மீது மில்லி ஆம்பியர்-மணி மட்டுமே அச்சிடப்பட்டிருந்தால், அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1,000ஆல் வகுக்க வேண்டும். கோல் மார்க்கெட் குடும்பத்தின் பவர் பேங்க் 20,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்டது என்றால், 20,000 × 3.7 ÷ 1,000 = 74 வாட்-மணி. வரம்புக்குள் அடங்குவதால் கைப்பையில் தாராளமாக எடுத்துச் செல்லலாம். மறந்து செக்-இன் பெட்டியில் வைத்தால், எக்ஸ்-ரே சோதனையில் அது தெரிந்துவிடும். பயணியை அழைத்துப் பெட்டியைத் திறக்கச் செய்வார்கள். பயணி வரத் தவறினால் பெட்டி விமானத்தில் ஏறாமலே நின்றுவிடக்கூடும்.

கற்பூரம் எளிதில் எரியும் திடப்பொருள் என்பதால் கைப்பையிலும் பெட்டியிலும் இடமில்லை. கொப்பரையின் சிக்கல் பலருக்கும் தெரியாதது. எண்ணெய்ச் சத்து மிகுந்த உலர்ந்த தேங்காய், தானாகவே வெப்பமேறித் தீப்பற்றக்கூடிய பொருட்களின் வகையில் சேர்க்கப்பட்டுள்ளது. எனவே இந்திய விமான நிலையங்களில் செக்-இன் பெட்டியில் கொப்பரைக்குத் தடை உண்டு. இவ்விரண்டையும் லாரியிலேயே அனுப்பியிருக்க வேண்டும். அல்லது சென்னையில் வாங்கிக்கொள்ளலாம். தீப்பெட்டி, லைட்டர், பட்டாசு, கேஸ் குப்பி ஆகியவற்றுக்கும் பெட்டியில் இடமில்லை.

மடிக்கணினியின் பேட்டரி கருவிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருப்பதால், அதைப் பெட்டியில் வைக்க விதி இடமளிக்கிறது. ஆனால் முழுவதுமாக அணைத்திருக்க வேண்டும்; உறக்க நிலையில் விடக் கூடாது. மூடிய பெட்டிக்குள் அது தானாக விழித்துக்கொண்டால், வெப்பம் வெளியேற வழியில்லை. அதன் அருகே அழுத்தமூட்டிய ஸ்பிரே குப்பிகளும் இருக்கக் கூடாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2017இல் நடத்திய சோதனையில், பெட்டிக்குள் இருந்த மடிக்கணினியின் பேட்டரியைச் சூடேற்றியபோது, பக்கத்தில் வைத்திருந்த உலர் ஷாம்பு ஸ்பிரே குப்பி ஒரு நிமிடத்துக்குள் வெடித்தது. முடிந்தவரை மடிக்கணினியைக் கைப்பையில் கொண்டு செல்வதே நல்லது.

இரண்டாவது கேள்வி: தொலைந்தால் ஈடு செய்ய முடியுமா?

உள்நாட்டு விமானப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலோ சேதமடைந்தாலோ, விமான நிறுவனத்தின் பொறுப்பு ஒரு பயணிக்கு அதிகபட்சம் 20,000 ரூபாய். ஒரு சவரன் தங்கத்தின் விலையே இதைவிடப் பல மடங்கு. வெளிநாட்டுப் பயணத்தில் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். அதன்படி 2024 டிசம்பர் 28 முதல் வரம்பு 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய். இவை உச்ச வரம்புகள் மட்டுமே. தொலைந்ததன் மதிப்பை நிரூபிக்கும் பொறுப்பு பயணியுடையது. மேலும், நகை, பணம், ஆவணம், மின்னணுக் கருவி ஆகியவற்றைப் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளிலேயே கூறிவிடுகின்றன. பிறகு அவற்றுக்காக இழப்பீடு கோருவது கடினம்.

ஆகவே நகைகள், ரொக்கம், சான்றிதழ்கள், வீட்டுச் சாவி, ஹார்டு டிஸ்க் ஆகியவை கைப்பைக்குரியவை. இன்சுலினும் அப்படியே. உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்த இயலாது. சரக்கு அறையின் வெப்பநிலை பயணியின் கட்டுப்பாட்டில் இல்லை. பெட்டி ஒரு நாள் தாமதமானால்கூட மருந்து கையில் இருக்காது.

இவற்றை எடை போட்டுப் பார்த்தால், மடிக்கணினியும் அதன் சார்ஜரும் 2 கிலோ, பவர் பேங்கும் ஹார்டு டிஸ்கும் முக்கால் கிலோ, நகை, ஆவணம், மருந்து எல்லாம் சேர்ந்து ஒன்றரை கிலோ. மொத்தம் நாலேகால் கிலோதான். 7 கிலோவில் இன்னும் இரண்டே முக்கால் கிலோ மிச்சமிருக்கிறது. கொலுவில் மிகவும் பழைய, மாற்று இல்லாத ஒரு பொம்மைக்கு அதில் இடம் உண்டு.

இங்கு ஓர் எச்சரிக்கை. விமானத்தில் மேல் அடுக்குகள் நிரம்பிவிட்டால், ஏறும் வாயிலிலேயே கைப்பையை வாங்கிச் சரக்கு அறைக்கு அனுப்புவது வழக்கம். அப்போது பவர் பேங்க், மருந்து, நகை ஆகியவற்றை வெளியே எடுத்த பிறகே பையைக் கொடுக்க வேண்டும். இவற்றைத் தொடக்கத்திலேயே ஒரு சிறு துணிப்பையில் போட்டுக் கைப்பையின் மேற்புறம் வைத்திருந்தால், வரிசையில் நின்று தேட வேண்டியிராது.

மூன்றாவது கேள்வி: உடையுமா?

எஞ்சிய மண் பொம்மைகள் செக்-இன் பெட்டிக்குச் செல்கின்றன. அந்தப் பெட்டி பட்டைகளில் ஓடும், சரிவில் வழுக்கி விழும், கையால் தூக்கி அடுக்கப்படும், மற்றப் பெட்டிகளின் அடியில் கிடக்கும். எனவே இரண்டு வகை ஆபத்து உண்டு. ஒன்று, கீழே விழும் அதிர்ச்சி. மற்றது, மேலிருந்து வரும் அழுத்தம்.

பொம்மை பெரும்பாலும் உடலில் உடைவதில்லை. கை, கிரீடம், வீணையின் தண்டு போன்ற நீட்டிய பகுதிகளில்தான் உடைகிறது. ஆகவே முதலில் அந்த இடைவெளிகளை மென்மையான தாளாலோ பழைய பருத்தித் துணியாலோ நிரப்பி, பொம்மை ஒரே உருளை வடிவம் பெறும்படி செய்ய வேண்டும். பிறகு குமிழித் தாளை, குமிழ்கள் உட்புறம் இருக்குமாறு இரண்டு மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். நேரடியாகக் குமிழித் தாளை இறுக்கிச் சுற்றினால், அந்த இறுக்கமே நீட்டிய கையை முறித்துவிடக்கூடும்.

அடுத்து, சுற்றிய பொம்மையை ஒரு கெட்டியான அட்டைப் பெட்டியில் வைத்து, எல்லாப் பக்கமும் காலி இடத்தை நிரப்ப வேண்டும். அந்த அட்டைப் பெட்டி பயணப் பெட்டியின் நடுவில் இருக்க வேண்டும். எந்தச் சுவருக்கும் 5 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு, அதில் துணிகளை அடைக்க வேண்டும். துணி அமுங்கக்கூடியது என்பதால் தளர்வாக அடைத்தால் பயணத்தின் பாதியிலேயே இடைவெளி உண்டாகிவிடும். புத்தகம், செருப்பு போன்ற கனமானவை சக்கரங்கள் உள்ள அடிப்பக்கத்தில் இருக்கட்டும். பெட்டி நிமிர்ந்து நிற்கும்போது அவை பொம்மையின் மேல் சரியாது.

சரியாகக் கட்டியிருக்கிறோமா என்று அறிய எளிய வழி உண்டு. பெட்டியை மூடித் தூக்கி மெதுவாகக் குலுக்கினால் உள்ளே எதுவும் நகரும் ஓசை கேட்கக் கூடாது. கேட்டால், மீண்டும் திறந்து இடைவெளியை அடைக்க வேண்டும்.

‘உடையக்கூடியது’ என்ற ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கலாம்; ஆனால் அதை நம்பிக் கட்டுவதைக் குறைக்கக் கூடாது. சில நேரங்களில் கவுண்டரில் இருப்பவர், சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்னும் வாசகம் உள்ள சீட்டில் கையொப்பம் கேட்பார். கையொப்பமிட்டால் இழப்பீடு கோரும் வாய்ப்பு பெரிதும் குறைந்துவிடும் என்பதை அறிந்தே கையொப்பமிட வேண்டும்.

சேதம் நேர்ந்தால்

மூடுவதற்கு முன் பெட்டியின் உட்புறத்தையும், மூடிய பின் வெளிப்புறத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கலாம். பெட்டிக்கான சீட்டில் பதிவாகும் எடையையும் கவனிக்க வேண்டும். சென்னையில் பெட்டியைப் பெறும்போது எடை குறைந்திருந்தால், பொருள் களவுபோனதற்கு அது ஒரு சான்று.

உடைந்தோ திறந்தோ இருந்தால், வருகைக் கூடத்தை விட்டு வெளியேறுமுன் விமான நிறுவனத்தின் கவுண்டரில் பி.ஐ.ஆர். எனப்படும் புகார் அறிக்கையைப் பதிவு செய்து அதன் நகலைப் பெற வேண்டும். வீட்டுக்குச் சென்ற பிறகே உள்ளே பொம்மை உடைந்திருப்பது தெரிந்தாலும் வழி உண்டு. மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதத்துக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கைக்குக் கிடைத்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்க வேண்டும். 21 நாட்களாகியும் வந்து சேராத பெட்டிக்கு, தொலைந்துபோன பெட்டிக்குரிய உரிமைகளைக் கோரலாம். உள்நாட்டுப் பயணத்துக்கான காலக்கெடுவை, பயணச்சீட்டுடன் வரும் நிபந்தனைகளில் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது அவசியம்.