கப்பில் பெயர் தப்பா பிரின்ட் ஆகியிருக்கா? 'நோ ரிட்டர்ன்' என்றாலும் பணம் கேட்கலாம்!

மாதவரத்தில் ஒருவர், மகள் பிறந்தநாளுக்கு 'கோமதி' என்று பெயர் போட்ட கப்பை 350 ரூபாய்க்கு ஆன்லைனில் ஆர்டர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்த கப்பில் 'கேமதி' என்று இருக்கிறது. ஆப்பில் ரிட்டர்ன் பட்டனே இல்லை. பெயர் போட்ட பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார் விற்பனையாளர். அவ்வளவுதானா?

இல்லை. மனசு மாறித் திருப்பிக் கொடுப்பது வேறு, தப்பாக வந்ததைத் திருப்பிக் கொடுப்பது வேறு. ஆன்லைன் விற்பனைக்கான 2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, ஒப்புக்கொண்டபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ, பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது.

ஆனால், தப்பு யாருடையது என்பதுதான் முக்கியம். ஆர்டர் பக்கத்தில் நீங்கள் டைப் செய்த பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சரி என்றால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கப்பின் போட்டோவோடு வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே 'கேமதி' என்று இருந்தால் பணம் கேட்பது கஷ்டம்.

முதலில் விற்பனையாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் பகுதிக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.